ஸ்லிப் டெஸ்ட் இல்லாத முதல் வருடம்

கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர் வட்டாரக் கல்லூரிகளில் முதலாண்டு வரவேற்பு நிகழ்ச்சி நடக்கும்போது, முதல்வரும் துறைத் தலைவர்களும் பேசி முடித்தபின் இறுதியாண்டு மாணவர் ஒருவருக்குப் பத்து நிமிடம் தருவார்கள். 'எப்படிப் படிப்பது' என்பதுதான் தலைப்பு. அதிகாலையில் எழு, அட்டவணை போடு, செல்போனைத் தள்ளி வை என்று பத்துப் பன்னிரண்டு அறிவுரைகளைச் சொல்லிவிட்டு இறங்குவதுதான் எங்களில் பலர் செய்வது. அரங்கில் இருப்பவர்களுக்கு இவை எதுவும் புதிதல்ல. அங்கே சொல்லத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான் என்பது என் கருத்து. பள்ளியில் உங்களைப் படிக்கவைத்தது வாசிப்பு அல்ல, தேர்வு. அந்தத் தேர்வைக் கல்லூரியில் யாரும் வைக்கமாட்டார்கள், இனி நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடத்தையும் இந்த ஒன்றுக்கே செலவிட வேண்டும்.

பிளஸ் டூ மாணவரைக் கேட்டால், 'திரும்பத் திரும்பப் படித்தேன், மார்க் வந்தது' என்பார். அவருடைய ஒரு வருடத்தை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். காலையில் ஸ்லிப் டெஸ்ட், வாரக் கடைசியில் யூனிட் டெஸ்ட், பிறகு காலாண்டு, அரையாண்டு, அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்புதல் தேர்வுகள். அதே பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் எத்தனையோ முறை எழுதியிருக்கிறார். எப்போது எழுதுவது, எந்த இடைவெளியில் எழுதுவது, யார் திருத்துவது என்பதையெல்லாம் பள்ளியே பார்த்துக்கொண்டது. மாணவருக்கு நினைவில் நிற்பது, தான் உட்கார்ந்து வாசித்த நேரம் மட்டும்தான். கல்லூரியில் ஒரு செமஸ்டருக்கு இரண்டோ மூன்றோ இன்டர்னல், அதன்பின் மூன்று மணி நேரப் பல்கலைக்கழகத் தேர்வு. இடையில் இருக்கும் வாரங்களில் கேள்வி கேட்பார் யாருமில்லை. பள்ளியில் நன்றாகப் படித்தவர் முதல் செமஸ்டரிலேயே கணிதத்தில் அரியர் வைப்பதற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகக் கருதுகிறேன். அவர் சோம்பேறியாகிவிடவில்லை. அவரைத் தாங்கிய சாரம் பிரிக்கப்பட்டுவிட்டது, அப்படி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது.

படித்ததை நிலைக்கவைப்பது தேர்வுதான் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு கட்டுரைப் பகுதியை நான்கு சுற்றுகளிலும் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்றில் படித்துவிட்டு, மூன்று சுற்றுகளில் பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, நான்கு சுற்றுகளிலும் படித்தவர்கள் 83 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. படித்தவர்களிடம் 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் முதல் பாதியை மேடையில் மறைக்கக் கூடாது. தேர்வுக்கு முந்தின இரவு கொஸ்டின் பேங்கைப் புரட்டித் தேறிவிடலாம் என்று சீனியர்கள் சொல்வது பொய்யில்லை. உடனடித் தேர்வுக்கு வாசிப்பு உதவுகிறது. அதே சோதனையில், ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களையே கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள். வாசிக்க வாசிக்கப் பக்கம் பழகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தையே 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறோம்.

சொன்னால் மட்டும் இதை யாரும் நம்பமாட்டார்கள் என்பதால், பேச்சின் நடுவே இரண்டு நிமிடம் நிறுத்தி எழுதச் சொல்ல வேண்டும். பிளஸ் டூ கணிதத்தின் முதல் பாடம் அணிகள். ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, ஓர் அணியின் நேர்மாறைச் சேர்ப்பு அணி வழியாகக் காணும் படிகளை எழுதச் சொல்லலாம். அணிக்கோவையின் மதிப்பு, இணைக்காரணிகள் வரை பலர் வந்துவிடுவார்கள். இணைக்காரணி அணியை நிரை நிரல் மாற்ற வேண்டும் என்ற படிதான் எளிதில் விட்டுப்போகும். அதே பாடம் முதல் செமஸ்டர் கணிதத்தில் திரும்ப வருகிறது என்றும் அப்போது சொல்லிவிடலாம்.

'நேரம் எங்கே இருக்கிறது?' என்பது இந்த வட்டாரத்தில் நியாயமான கேள்வி. திருவொற்றியூரில் ஏறிக் கவரைப்பேட்டையில் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சிப்காட்டில் அப்பா ஷிப்டுக்குப் போவதால் வீட்டு வேலையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் பார்க்காமல் நினைவுகூர்வதற்கு மேசையும் வேண்டாம், உட்கார இடமும் வேண்டாம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே செய்யலாம். பொறியியல் வேதியியலில் வரும் எதிர்ச் சவ்வூடு பரவலை எடுத்துக்கொள்வோம். ரயில் தாண்டிப்போகும் மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் 2010-ல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் நீர் தருவதற்காக அமைக்கப்பட்டது இதே முறையில்தான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மனதில் படத்தை வரைய வேண்டும். சவ்வு எங்கே, அழுத்தம் எந்தப் பக்கம்? இங்கேதான் அம்புக்குறி தடுமாறும். அழுத்தம் உப்புநீர்ப் பக்கத்தில். எவ்வளவு? கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் ஏறக்குறைய 27 பார், அதைவிட அதிகம் வேண்டும். ஆலைகளிலோ 55 முதல் 70 பார் வரை கொடுக்கிறார்கள். ஏன் இவ்வளவு? நல்ல நீர் பிரியப் பிரிய மிச்சமிருக்கும் உப்புநீர் அடர்ந்து, அதன் சவ்வூடு அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும். இந்த 'ஏன்' வரும்போது நின்றுவிட்டால், அன்று திறக்க வேண்டிய பக்கம் எது என்று தெரிந்துவிட்டது. வகுப்பு நடந்த அன்று ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. இந்த இடைவெளியைப் பள்ளி தானாகவே தந்துகொண்டிருந்தது.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு, அவற்றையும் மேடையிலேயே சொல்லிவிட வேண்டும். கணக்கை ரயிலில் நின்று போட முடியாது. அங்கே படிகளின் வரிசையை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம், மீதி தாளில்தான். நினைவுகூர்ந்தபின் புத்தகத்தோடு ஒப்பிடாவிட்டால் தப்பான அம்புக்குறியே மனதில் ஊறிப்போகும். புரியாத பாடத்துக்கு இது உதவாது. அதற்கு முதலில் ஆசிரியரிடம்தான் போக வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், 'எனக்கு விஷயம் தெரிகிறது, இங்கிலீஷில் எழுத வரவில்லை' என்பார்கள். அவர்கள் இரண்டையும் பிரித்துக்கொள்ளட்டும். முதலில் தமிழில் முழுசாகச் சொல்லிப் பார்த்து, விஷயம் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளலாம். அதன்பின் அதையே ஆங்கிலத்தில், டூ மார்க் அளவுக்கு இரண்டு வாக்கியமாக எழுதலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது எது வரவில்லை என்பதே தெரியாமல் போகிறது. வீட்டில் முதல் பட்டதாரியாகப் படிக்க வருகிறவருக்கு இதைப் பிரித்துக் காட்டவும் ஆளிருக்காது.

அதனால் பேச்சின் கடைசி நிமிடத்தில் அறிவுரைக்குப் பதிலாக ஓர் ஏற்பாட்டை அறிவிக்கலாம். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் பத்து நிமிடம், அந்த வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்வி, புத்தகம் மூடியிருக்க வேண்டும். திருத்துவது இறுதியாண்டு மாணவர்களாகிய நாங்கள். மதிப்பெண் போடத் தேவையில்லை. எந்த வரியில் நின்றுபோனார்களோ அங்கே ஒரு கோடு போட்டுத் தாளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தால் போதும். முதல் இன்டர்னல் வரை நாங்கள் நடத்துவோம். அதற்குப் பிறகு தம்பி தங்கைகள் தங்களுக்குள் தாளை மாற்றித் திருத்திக்கொள்ளலாம்.