காணாமற்போன நாலு ரூபாய்

சென்ற பங்குனியில் ஓர் இரவு, ஒன்பது மணி இருக்கும், கல்லங்குறிச்சியிலிருந்து என் தங்கை மகள் கைபேசியில் ஒரு படம் அனுப்பினாள். கலியுகவரதராசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஊராயிற்றே, திருவிழாப் படமாக இருக்கும் என்று ஆவலோடு பார்த்தேன். கணக்குத் தேர்வுத் தாள்! வீட்டிலேயே எழுதிக்கொண்டு வரும்படி பள்ளியில் கொடுத்தது. ஐந்து கணக்குகளில் மூன்று முடிந்திருந்தன. நான்காவது பாதியில் நின்றது. ஐந்தாவதற்கு வெற்றிடம். அடியில் ஒரு வரி: "மாமா, காலையில கொடுக்கணும். விடை மட்டும் போதும்."

முன்பு ஒரு தடவை அப்படி விடையை மட்டும் எழுதி அனுப்பியவன்தான் நான். அப்போது முழு மதிப்பெண் வாங்கினாள். பிறகு அதே மாதிரிக் கணக்கு வகுப்புப் பரீட்சையில் வந்தபோது, வெறும் தாளை நீட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாளாம். அந்த அழுகையில் எனக்கும் பங்கு உண்டு என்பதை அவளிடம் நான் சொன்னதில்லை.

ஆகவே இம்முறை அவளைக் கூப்பிட்டு, "பிறரைக் கேட்கலாம் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறாரா?" என்றேன்.

"கேட்கலாம். ஆனா கேட்டதுன்னு எழுதணுமாம்."

"சரி. நீ போட்டு அடித்ததையும் படம் எடுத்து அனுப்பு."

தயங்கித் தயங்கி அனுப்பினாள். சுத்தமான தாளைவிட இந்த அடித்தல் திருத்தல்தான் எனக்கு வேண்டியிருந்தது. பிள்ளைகள் எங்கே வழி தவறினார்கள் என்பதை அதுதான் காட்டும்.

கணக்கு இதுதான்: 20 விழுக்காடு தள்ளுபடி போக ஒரு சேலை 480 ரூபாய்க்கு விற்றது, குறித்த விலை என்ன? அவள் 480-இல் 20 விழுக்காடு 96 என்று கண்டு, இரண்டையும் கூட்டி 576 என்று எழுதி, ஏதோ சந்தேகம் வந்து அடித்திருந்தாள். அந்தச் சந்தேகம் நல்ல சந்தேகம். அதை வளர்ப்பதுதான் என் வேலை.

சேலைக் கணக்கை நான் தொடவில்லை. "நீ ஒரு கடை வைத்திருக்கிறாய். துண்டு ஒன்றுக்கு 100 ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருக்கிறாய். 20 விழுக்காடு தள்ளினால்?" என்றேன்.

"80."

"அந்த 80-உடன் அதன் 20 விழுக்காட்டைக் கூட்டு."

"16 கூட்டினா 96." சற்று நிறுத்தி, "நூறு வரலையே!" என்றாள்.

"அதுதான் நானும் கேட்கிறேன். அந்த நாலு ரூபாய் எங்கே போயிற்று?"

பேச்சே இல்லை. பதில் என் நாக்கு நுனியில் நின்றது. இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது, கதை எழுதுகிறவனுக்குப் பெரிய தவம். தெருவில் நாய் குரைப்பது கேட்டது. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

"மாமா! கழிச்சது நூறுல. கூட்டினது எண்பதுல!"

"அப்படியானால் 480 எதைப் போன்றது? நூறையா, எண்பதையா?"

"எண்பதை" என்றவள், "வச்சிடறேன்" என்று தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.

கால் மணிக்குப் பிறகு மறுபடியும் படம் வந்தது. 80 மறுபடி நூறாக வேண்டுமானால் அதன் கால் பங்கு கூட வேண்டும், 480-இல் கால் பங்கு 120, ஆக 600. "சரியா மாமா?" என்று கேட்டிருந்தாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. "600-இல் 20 விழுக்காடு கழித்துப் பார்" என்றேன். கழித்தாள், 480 வந்தது. இனி என் சாட்சி எதற்கு?

ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜார்ஜ் போல்யா 1945-இல் வெளியிட்ட நூலில், கணக்குப் போடுவதை நான்கு படியாகச் சொல்கிறார்: கேள்வியைப் புரிந்துகொள்வது, வழி வகுப்பது, செய்வது, திரும்பிப் பார்ப்பது. உதவி மிகுந்தால் மாணவனுக்கு வேலை இல்லை, குறைந்தால் அவனால் நகர முடியாது என்பதும் அவர் கருத்து. என் கடைசிக் கேள்வி சற்று மிகுந்துவிட்டதோ என்று எனக்கே உறுத்தியது. 'நூறையா, எண்பதையா' என்று கேட்டால் பாதி விடை கேள்வியிலேயே இருக்கிறதல்லவா? புரிந்து சொன்னாளா, என் குரலைப் பார்த்துச் சொன்னாளா?

அதை அறிய ஒரு வழிதான் உண்டு. கணக்கைத் திருப்பிப் போட்டேன்: "விலை 25 விழுக்காடு ஏறி இப்போது 500. முன்பு என்ன விலை?" பழைய வழக்கப்படி 500-இல் 25 விழுக்காட்டைக் கழித்திருந்தால் 375 என்றிருப்பாள். "நூறு, 125 ஆயிருக்கு. 500-ங்கறது நாலு 125. அதனால முன்னாடி 400" என்றாள். என் உறுத்தல் நீங்கியது.

ஐந்தாவது கணக்கைத் தொடுவதற்குள் தூக்கம் வந்துவிட்டது அவளுக்கு. தெரிந்த வரையில் இரண்டு வரி எழுதி, "இதற்கு மேல் தெரியவில்லை" என்று சேர்த்தாளாம். நான்காவதன் ஓரத்தில், "மாமா கேள்வி கேட்டார், நான் போட்டேன்" என்று எழுதினாளாம்.

தாள் திரும்பி வந்தபோது ஐந்தாவதற்குப் பாதி மதிப்பெண்தான். ஆனால் தங்கை சொன்னாள்: "அண்ணா, இவள் கடைத்தெருவுக்கு வந்தால் சும்மா இருப்பதில்லை. தள்ளுபடிச் சீட்டைப் பார்த்ததும், எந்த விலையிலே தள்ளினீர்கள் என்று கடைக்காரரைக் கேட்கிறாள்!"