ஐஸும் உப்பும்: ஒரு வரிப்படத்தை வாசிப்பது எப்படி?

இலுப்பைக்கடவைப் பிள்ளைகளுக்கு ஐஸும் உப்பும் புதிதல்ல. அதனால் அவத்தை வரிப்படம் படிப்பிக்கும்போது நாங்கள் உலோகங்களை விட்டுவிட்டு, உப்பு–நீர் வரிப்படத்தைத்தான் பலகையில் முதலில் கீறுகிறோம். கிடையாக உப்பின் அளவு (திணிவுப்படி), நிலைக்குத்தாக வெப்பநிலை.

பிள்ளைகளின் கண் உடனே கோடுகளுக்குத்தான் போகும். நாங்கள் சொல்வது, கோடு வெறும் வேலி, வேலிக்குள் இருக்கும் காணியைப் பாருங்கள் என்று.

மேலே உள்ள காணி முழுவதும் உப்புநீர் மட்டும். இடப்பக்கம், 0 பாகையில் தொடங்கிச் சரிந்து இறங்கும் கோட்டின் கீழே, ஐஸும் உப்புநீரும் சேர்ந்திருக்கும். வலப்பக்கம் உப்பு கூடிய பகுதி. அங்கே கரையாத உப்புப் பளிங்கும் உப்புநீரும். இரு கோடுகளும் சந்திப்பது ஏறத்தாழ 23% உப்பில், −21 பாகை செல்சியஸில். அதுதான் யூடெக்டிக் புள்ளி. அதற்குக் கீழே சமநிலையில் திரவமே இல்லை, எல்லாம் திண்மம்.

இப்போது ஒரு கணக்கு. 930 கிராம் நீர், 70 கிராம் உப்பு. மொத்தம் ஒரு கிலோ, 7%. இதை −10 பாகைக்குக் குளிர்த்தினால் புள்ளி இடப்பக்கக் காணிக்குள் விழும். அந்தப் புள்ளியூடாக ஒரு கிடைக்கோடு கீறுங்கள். இடப்பக்கம் அது தொடுவது 0%, அதாவது உப்பில்லாத ஐஸ். வலப்பக்கம் சரிவுக்கோட்டைத் தொடுவது ஏறத்தாழ 14%, அது உப்புநீர். ஐஸுக்குள் உப்பு போகாது. ஆகவே 70 கிராமும் உப்புநீரில்தான். 14% உப்புநீரில் 70 கிராம் உப்பு இருக்க வேண்டுமானால் அதன் நிறை 500 கிராம். மிச்சம் 500 கிராமும் ஐஸ்.

கவனியுங்கள், பாத்திரத்தில் 7% உப்புள்ள பொருள் எதுவுமே இல்லை! 7% என்பது மொத்தக் கலவையின் கணக்கு மட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வது கிடைக்கோட்டின் இரு முனைகள்.

இது மீன் பெட்டிக்கும் பொருந்தும். கடல்நீரில் உப்பு 3.5% அளவு, அது உறையத் தொடங்குவது −2 பாகைக்குச் சற்று மேலே. ஆகவே ஐஸும் கடல்நீரும் கலந்த குழம்பு தூய ஐஸைவிடக் கொஞ்சம்தான் கூடக் குளிரும். உப்பை அள்ளிக் கொட்டினால் புள்ளி வலப்பக்கம் நகர்ந்து, குளிர் இன்னும் கீழே இறங்கும். மீன் சதையோ −1, −2 பாகையிலேயே உறையத் தொடங்கிவிடும். மெதுவாக உறைந்தால் பெரிய ஐஸ் பளிங்குகள் கலங்களைக் கிழிக்கும். பிறகு உருகும்போது சதையிலிருந்து நீர் வடிந்து மீன் தளர்ந்துபோகும்.

ஒன்றை மட்டும் இந்த வரிப்படம் சொல்லாது: எவ்வளவு நேரமாகும் என்பதை. இது நன்கு கலந்து சமநிலைக்கு வந்த கலவையின் படம். பெட்டியின் ஒரு மூலையில் உப்பு கட்டியாகக் கிடந்தால் அங்கே ஒரு வெப்பநிலை, மறுமூலையில் வேறொன்று. எந்தக் காணியில் நிற்கிறோம் என்று கேட்பதற்கு முன், கலந்துவிட்டதா என்று கேட்க வேண்டும்.