120 மணித்தியாலச் சான்றிதழ்

கட்டாரில் ஆங்கிலம் படிப்பிக்கலாமென்று நாங்கள் இருவரும் ஒன்லைனில் 120 மணித்தியால டெஃப்ல் சான்றிதழ் எடுத்தோம். நேர்முகப் பரீட்சையில் கேட்டார்கள்: "நீங்கள் படிப்பித்ததை யார் பார்த்தது?" பதில் இல்லை.

பிறகு செல்டா செய்தோம். அதுவும் ஏறக்குறைய 120 மணித்தியாலம்தான். ஆனால் அதில் 6 மணித்தியாலம் உண்மையான மாணவர்களுக்குப் படிப்பிக்க வேண்டும். பயிற்றுநர் பின்வாங்கில் இருந்து குறிப்பெழுதுவார்.

முதற் பாடத்தில் இருவருக்கும் ஒரே குறிப்பு: "விளங்கியதா என்று கேட்டீர்கள், தலையாட்டினார்கள். ஒருவரும் ஒரு வசனம் பேசவில்லை."

அடுத்த பாடத்தில் "ஹி ஹேஸ் லிவ்ட் இன் கண்டி ஃபோர் டென் இயர்ஸ்" என்று எழ்திவிட்டு, "அவர் இப்பவும் கண்டியிலா?" என்று கேட்டோம். பாதிப்பேர் "இல்லை" என்றார்கள். விளங்காதது அப்போதுதான் தெரிந்தது.

காசு கட்டுமுன் கேளுங்கள்: பார்வையிடப்படும் பாடம் எத்தனை மணித்தியாலம்?