‘நீள்ளு வேணும்!’ - இரண்டு மொழி வீட்டில் பேசத் தாமதித்த சின்னு

கோவையில் அந்த வீட்டில் சின்னுவின் இரண்டாவது பிறந்தநாள். கேக் வெட்டி முடித்ததும், அவனைவிட ஒரு மாதம் இளையவளான அத்தை மகள் முழுப் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். சின்னு கேக்கைக் காட்டி “ம்ம்” என்றான். அவ்வளவுதான்.

“இவன் இன்னும் பேசலையா?” என்று ஒருவர் கேட்டார். அன்றைக்கு அந்தக் கேள்வி வந்தது அது நாலாவது முறை. சின்னுவின் அம்மா சமையலறைக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. அப்பாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கோவையில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. அம்மா வேலைக்குப் போவதால் பகல் முழுக்க சின்னு அவ்வாவிடம், அதாவது பாட்டியிடம் இருப்பான். பகலில் தெலுங்கு, மாலை ஆறரை மணிக்கு மேல் தமிழ். இதுதான் அவன் உலகம்.

“அவங்கப்பன் மூணு வயசுலதான் வாயைத் தொறந்தான். ஆம்பளப் பசங்க அப்படித்தான் கண்ணு, விடு” என்றார் அவ்வா. தடுப்பூசிக்குப் போன இடத்தில் ஒரு டாக்டரோ, “ரெண்டு மொழி பேசிக் குழப்பாதீங்க. ஒரே மொழியில பேசுங்க” என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து வீட்டில் தமிழ் மட்டும் என்று முடிவானது.

அவ்வா மௌனமான மூன்று வாரம்

அவ்வாவுக்குத் தமிழ் நன்றாகவே வரும். கடைத்தெருவில் பேரம் பேசுவார், அக்கம்பக்கத்தில் கதை பேசுவார். ஆனால் குழந்தையைக் கொஞ்சுவதும், ஊட்டும்போது காக்கா கதை சொல்வதும், தாலாட்டுவதும் அவருக்குத் தெலுங்கில்தான் வரும். தமிழில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார். கொஞ்ச நாளில் ஊட்டும் நேரத்தில் செல்போனில் பாட்டு ஓட ஆரம்பித்தது.

மூன்று வாரத்தில் சின்னு ஒரு புதுச் சொல்கூடப் பேசவில்லை. “அத்தை, நீங்க ஏன் இப்பல்லாம் அவன்கிட்ட பேசறதே இல்ல?” என்று அம்மா கேட்டார். “நீங்கதானே கண்ணு பேசக் கூடாதுன்னு சொன்னீங்க” என்றார் அவ்வா.

அந்த வாரமே அம்மா ஒரு பேச்சுப் பயிற்சியாளரைத் தேடிப் போனார்.

ஃப்ரிட்ஜில் ஒட்டிய பட்டியல்

“எத்தனை வார்த்தை பேசறான்?” என்று கேட்டார் பயிற்சியாளர்.

“ஒரு இருபது இருக்கும்.”

“தெலுங்குல?”

அம்மாவிடம் பதில் இல்லை. அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, ஃப்ரிட்ஜில் ஒட்டி, ஒரு வாரம் எழுதச் சொன்னார் பயிற்சியாளர். தமிழை அம்மா எழுதவேண்டும். அவ்வா சொல்லச் சொல்ல தெலுங்கை அப்பா எழுதவேண்டும். எது சொல் என்பதற்கும் விதி சொன்னார். யாரும் சொல்லித் தராமல் தானாகச் சொல்லவேண்டும், ஒரே பொருளுக்குத் திரும்பத் திரும்ப அதையே சொல்லவேண்டும். உச்சரிப்பு சரியாக இருக்கவேண்டியதில்லை. தண்ணியை ‘தன்னா’ என்று எப்போதும் சொன்னால் அது ஒரு சொல். நாயைப் பார்த்தால் மட்டும் ‘பௌ பௌ’ என்றால் அதுவும் ஒரு சொல். நாம் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வது மட்டும் கணக்கில் வராது.

வாரக் கடைசியில் தமிழில் 21, தெலுங்கில் 17. மொத்தம் 38 சொற்கள். இதில் 6 பொருள்களுக்கு இரண்டு மொழியிலும் பெயர் வைத்திருந்தான். தண்ணியும் நீள்ளும், நாயும் குக்காவும் அப்படித்தான். ஆக, அவனுக்குப் பெயர் தெரிந்த விஷயங்கள் 32.

இரண்டு மொழிக் குழந்தையை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால், பாதிப் பையைக் கொட்டி எண்ணுவது போல ஆகிவிடும். அமெரிக்காவின் மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைகளை ஆராய்ந்த பார்பரா பியர்சனும் அவர் குழுவினரும் 1993-ல் இதைத்தான் காட்டினார்கள். ஒரு மொழியில் மட்டும் எண்ணும்போது குறைவாகத் தெரிந்த குழந்தைகள், இரண்டையும் சேர்த்து எண்ணியபோது ஒரு மொழிக் குழந்தைகளுக்கு ஈடாக இருந்தார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. இரண்டையும் கலந்து பேசுவதும் குழப்பத்தின் அடையாளம் இல்லை.

“அப்ப சின்னுவுக்குப் பிரச்னை இல்லையா?” அம்மா முகத்தில் நிம்மதி வந்தது.

“அப்படிச் சொல்லிட முடியாதுங்க” என்றார் பயிற்சியாளர்.

இரண்டு வயதில், எல்லா மொழியையும் சேர்த்து 50 சொல்லுக்குக் குறைவாக இருந்தாலோ, இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாமல் இருந்தாலோ, குழந்தையைப் பார்க்கவேண்டும் என்பது பேச்சுத் துறையில் பரவலாக உள்ள அளவுகோல். சின்னுவுக்கு 38 சொல். ‘அம்மா வா’ என்பது போல எதையும் சேர்த்துச் சொன்னதில்லை. இன்னொன்றையும் அவர் கவனித்தார். இரண்டு பத்தியுமே மெலிந்திருந்தன. தமிழ் நிறைய வந்து தெலுங்கு மட்டும் குறைவாக இருந்தால், அந்த மொழியைக் குறைவாகக் கேட்கிறான் என்று சொல்லலாம். பகல் முழுக்கக் கேட்கும் மொழியிலேயே 17 சொல்தான் என்றால், காரணத்தை வேறு இடத்தில் தேடவேண்டும்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சோதனை

பேசுவதைவிட முக்கியம், புரிந்துகொள்வது. “நாங்க சொல்றதெல்லாம் அவனுக்குப் புரியும்” என்று அம்மா உறுதியாகச் சொன்னார். செருப்பை எடு என்றால் எடுப்பான், குளிக்கலாமா என்றால் ஓடி வருவான்.

பயிற்சியாளர் அவனை விளையாட விட்டார். ஃபேனைக் கைகாட்டிவிட்டு, அம்மாவும் பார்க்கிறாரா என்று திரும்பி முகத்தைப் பார்த்தான். அது நல்ல அடையாளம். தான் பார்த்ததை இன்னொருவருக்குக் காட்டும் ஆசை பேச்சுக்கு அடித்தளம். பிறகு அம்மாவை அவன் எதிரில் உட்காரவைத்து, “பந்தை எடு” என்று சொல்லச் சொன்னார். எடுத்தான். அடுத்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, கை நீட்டாமல், சாதாரணக் குரலில், “கார் எங்கே?” என்று கேட்கச் சொன்னார். சின்னு திரும்பவே இல்லை. மறுபடி கேட்டபோதும் திரும்பவில்லை.

வீட்டில் நாம் ‘செருப்பை எடு’ என்று சொல்லும்போது செருப்பைப் பார்க்கிறோம், கையையும் நீட்டுகிறோம். குழந்தை சொல்லைக் கேட்டுச் செய்கிறதா, நம் கையைப் பார்த்துச் செய்கிறதா என்பது நமக்கே தெரிவதில்லை.

“முதல்ல காது டெஸ்ட் பண்ணிடலாம்” என்றார் பயிற்சியாளர்.

“பிறந்தப்பவே பண்ணினோமே. நார்மல்னு சொன்னாங்க.”

“அது பிறந்த அன்னிக்கு எப்படி இருந்ததுன்னு சொல்லும். இன்னிக்கு எப்படி இருக்குன்னு சொல்லாதுங்க.”

காதுக்குள் தேங்கிய நீர்

செவித்திறன் நிபுணர் சின்னுவின் காதில் மெத்தென்ற சிறு ரப்பர் முனையை வைத்தார். உள்ளே காற்றழுத்தத்தை லேசாக மாற்றி, செவிப்பறை எப்படி அசைகிறது என்று பார்க்கும் பரிசோதனை அது. பெயர் டிம்பனோமெட்ரி. வலிக்காது, சில நொடிகளில் முடிந்துவிடும். செவிப்பறை நன்றாக அசைந்தால் திரையில் மலை முகடு போலக் கோடு எழும்பும். சின்னுவுக்கு இரண்டு காதிலும் கோடு தட்டையாக இருந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது.

அடுத்து, ஓர் அமைதியான அறையில் ஸ்பீக்கரில் ஒலி எழுப்பி, குழந்தை அந்தப் பக்கம் திரும்பினால் பொம்மை ஒளிரும் பரிசோதனை. ஒலி கொஞ்சம் பலமாக இருந்தால் மட்டும் திரும்பினான். லேசான செவித்திறன் குறைவு.

மாதம் ஒருமுறை சளி பிடிப்பதும், வாயைத் திறந்துவைத்துத் தூங்குவதும் அப்போதுதான் அம்மாவுக்கு நினைவுக்கு வந்தன. சளிக்குப் பின் இப்படி நீர் தேங்குவது சிறு குழந்தைகளிடம் சகஜம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு கேட்பது போல, குழந்தைக்குச் சத்தம் கேட்கும். ஆனால் சொல் தெளிவாக விழாது.

பெரும்பாலும் இந்த நீர் தானாகவே வடிந்துவிடும் என்றார் இ.என்.டி. டாக்டர். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், அப்போதும் இருந்தால், பேச்சும் பின்தங்கியிருப்பதால் செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பது பற்றி யோசிக்கலாம் என்றார்.

அவ்வாவுக்கு மீண்டும் தெலுங்கு

பயிற்சியாளர் அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. முதல் வேலையாக அவ்வாவிடம், “நீங்க தெலுங்குலயே பேசுங்கம்மா. உங்களுக்கு எது சரளமா வருதோ அதுல நிறையப் பேசுங்க” என்றார்.

அவர் சொன்ன மற்றவையும் எளிமையானவைதான். குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, முகம் தெரியும்படி, பக்கத்தில் இருந்து பேசவேண்டும். பேசும்போது டி.வி. ஓடக் கூடாது. ஊட்டும்போது செல்போன் வேண்டாம். அவன் ஒரு சொல் சொன்னால், அதோடு ஒன்றைச் சேர்த்துத் திருப்பித் தரவேண்டும். ‘பால்’ என்றால், ‘சூடான பால்’. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் நாமே பதில் சொல்லிவிடக் கூடாது.

மூன்று மாதத்தில் ஒரு காது தெளிந்திருந்தது. மற்றதில் கோடு எழும்பத் தொடங்கியிருந்தது. குழாய் தேவைப்படவில்லை.

எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது?

எல்லாக் குழந்தைக்கும் காதில்தான் காரணம் இருக்கும் என்பதில்லை. காது சரியாக இருந்து, சொல்வதைப் புரிந்துகொண்டு, கைகாட்டி, முகம் பார்த்துச் சிரித்து விளையாடும் குழந்தைகளில் கணிசமானவர்கள் பள்ளி போவதற்குள் மற்றவர்களை எட்டிப் பிடிக்கிறார்கள். ஆனால் எந்தக் குழந்தை எட்டும், எது எட்டாது என்பதை வீட்டிலிருந்தே கணிக்க முடியாது. அதனால்தான் பரிசோதனை.

கீழ்க்கண்டவை இருந்தால் இரண்டு வயது வரைகூடக் காத்திருக்க வேண்டாம்:

- ஒரு வயதில் மழலை ஒலிகளோ, பெயர் சொன்னால் திரும்புவதோ, கைகாட்டுவதோ இல்லை.
- ஒன்றரை வயதில் எந்த மொழியிலும் அர்த்தமுள்ள ஒரு சொல்கூட இல்லை, அல்லது கை காட்டாமல் சொன்னால் எளிய சொல் புரியவில்லை.
- எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோகின்றன. இதற்கு உடனே டாக்டரைப் பார்க்கவேண்டும்.

அரசு மருத்துவமனைகளில் செயல்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்கான பரிசோதனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. அங்கே போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மொழிக்கும் ஒரு பத்தி வைத்து எழுதிய பட்டியலைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

சின்னுவுக்கு இப்போது இரண்டரை வயது. அத்தை மகள் அளவுக்கு இன்னும் பேசவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பயிற்சிக்குப் போகிறான். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் ஒரு மதியம், அடுப்படியில் அவ்வாவின் புடவையைப் பிடித்து இழுத்து, “நீள்ளு வேணும்” என்றான்.

“தெலுங்கையும் தமிழையும் கலக்கிட்டானே” என்று அம்மா கவலையோடு பயிற்சியாளருக்கு போன் செய்தார்.

“அதை விடுங்க. ரெண்டு வார்த்தையைச் சேர்த்துட்டான் பாருங்க!” என்று பதில் வந்தது.

அன்று மாலை ஃப்ரிட்ஜில் இருந்த தாளில் அப்பா மூன்றாவதாக ஒரு பத்தி போட்டார். அதற்கு என்ன தலைப்பு வைப்பதென்று தெரியவில்லை. ‘சின்னு பாஷை’ என்று எழுதினார்.