சித்தப்பாவின் மாங்காய் கணக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும்

போன வருஷம், 2025 ஜூன்ல, பெங்களூரா மாங்காய் விலை சரிஞ்சது உங்கள்ல சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய்னு வச்சு, அதுல 8 ரூபாயைக் கூழ் ஆலைகள் கொடுக்கணும், 4 ரூபாயை அரசு கொடுக்கும்னு அறிவிச்சது. திருத்தணிப் பக்கம் இருக்கிற நாங்க தமிழ்நாட்டு விவசாயிகள். ஆனா மாங்காய் போறது அந்தப் பக்கத்துக்குத்தான். என் சித்தப்பா ஒரு வியாபாரிக்கு 4 டன் ஏத்தி அனுப்பினார். பேசினது 8 ரூபாய். பணம் கேட்டப்போ அந்த ஆள், "5 ரூபாய்தானே பேசினோம்"னுட்டார். வித்தியாசம் 12,000 ரூபாய்.

பேசினதுக்கு அத்தாட்சி ஒரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ். அதையும் அவர் மறுநாளே 'எல்லாருக்கும் அழி' போட்டு எடுத்துட்டார். சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணினா அந்த இடத்துல 'மெசேஜ் அழிக்கப்பட்டது'ன்னு மட்டும்தான் வருது. நல்லவேளையா, மெசேஜ் வந்த ராத்திரியே சித்தப்பா மகன் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தான். அதைத் தட்டச்சு பண்ணி மனுவுல சேர்க்கிற வேலை என் தலையில விழுந்தது.

படத்துல இருந்தது இவ்வளவுதான்:

```
Today
anna rate 8 ok. repu load pampandi.
dabbulu 15 days lo istha   9:40 pm
```

இங்கிலீஷ் எழுத்துல தெலுங்கு. எங்க ஊர்ல இது சாதாரணம். 1960 ஏப்ரல் வரைக்கும் திருத்தணி சித்தூர் மாவட்டத்துலதானே இருந்தது, வியாபாரப் பேச்சு இன்னமும் பாதி தெலுங்குதான். "அண்ணா, ரேட் 8 சரி. நாளைக்கு லோடு அனுப்புங்க. பணம் 15 நாள்ல தர்றேன்"னு அர்த்தம்.

முதல் தடவை நான் பண்ணின தப்பு, அர்த்தத்தைத் தமிழ்ல எழுதிட்டு அதையே 'அவர் அனுப்பிய செய்தி'ன்னு போட்டது. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் பார்த்துட்டு, "இது நீ சொல்றது, அவன் சொன்னது எங்கே?"ன்னு கேட்டார். அதனால மேலே அவன் அடிச்சது எழுத்துக்கு எழுத்து, கீழே தனியா அதோட பொருள்னு மாத்தினேன். அப்பவும் போன் கீபோர்டு சும்மா இருக்கல. repu-ன்னு அடிச்சா repo-ன்னு திருத்திடுச்சு. தானா திருத்துற வசதியை அணைச்சுட்டு மறுபடி அடிச்சேன். முடிஞ்சதும் ஒருத்தர் படத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, இன்னொருத்தர் அடிச்சதைப் பார்த்துச் சரிபார்த்தோம். எண்ணை மட்டும் ரெண்டு தடவை.

உண்மையான சிக்கல் அந்த Today. படத்தைப் பார்க்கிறவங்களுக்கு அது எந்த 'இன்னைக்கு'? தம்பி எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பின படத்தோட பேர் IMG-20250619-WA0011. அதைப் பார்த்து நான் ஜூன் 19னு எழுதிட்டேன். எடைமேடை சீட்டோ ஜூன் 13. அப்படிப் பார்த்தா, லோடு போய் 6 நாள் கழிச்சு விலை பேசின மாதிரி ஆகுது! மனுவையே கவுத்திருக்கும். அந்தப் பேர்ல இருக்கிறது படம் வாட்ஸ்அப் வழியா வந்த தேதி, எடுத்த தேதி இல்ல. சித்தப்பா போன் கேலரியில மூலப் படத்தைத் தேடினோம். அதோட பேர் Screenshot_20250612-215207. அதாவது ஜூன் 12, ராத்திரி 9 மணி 52 நிமிஷம். மெசேஜ் 9:40, படம் 12 நிமிஷம் கழிச்சு, repu-ங்கிறது 13ஆம் தேதி, எடைமேடை சீட்டும் 13. எல்லாம் பொருந்திடுச்சு. ஆனாலும் மெசேஜுக்குள்ள தேதியைச் சொருகல. Today-ன்னு இருந்ததை அப்படியே விட்டுட்டு, கீழே 'ஸ்கிரீன்ஷாட் கோப்பின் பெயர்ப்படி 12.06.2025'ன்னு தனியா எழுதினேன்.

அப்புறம் டவுன்ல டிடிபி கடை. அங்கே மனு பாமினி எழுத்துருவுல இருந்தது. நான் அனுப்பினதை ஒட்டினதும் anna rate எல்லாம் புரியாத தமிழ் எழுத்துக் குப்பையா மாறிடுச்சு. அந்த மாதிரி பழைய எழுத்துருக்கள்ல இங்கிலீஷ் எழுத்தோட இடத்துலதான் தமிழ் எழுத்தை வச்சிருக்காங்க. கடைக்காரப் பொண்ணு அந்த ரெண்டு வரியை மட்டும் ஏரியலுக்கு மாத்தினா, சரியாச்சு. என் யூனிகோடு தமிழ் வரிகளுக்கு லதா.

தட்டச்சு பண்ணின தாள் படிக்கிறவங்க வசதிக்குத்தான். படத்தோட பிரிண்டையும் இணைச்சோம். அந்த போனை விக்கவோ ரீசெட் பண்ணவோ கூடாதுன்னு வக்கீல் கண்டிப்பா சொல்லிட்டார். விவகாரம் கோர்ட்டுக்குப் போனா புது சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேணுமாம், அதுக்கு மூலப் படம் இருக்கிற போன் முக்கியமாம்.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி சித்தப்பா, "அந்தத் தெலுங்கை ஒரு தரம் படிடா"ன்னார். படிச்சேன். "ஆமா, இப்படித்தான் சொன்னான்"னு பேனாவை வாங்கினார்.