முற்றைத் தேடி

புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தின் பெயரைக் கேட்டாலே பழைய தமிழ் நாவல்கள் நினைவுக்கு வருகின்றன. இப்போது கையில் இருப்பது 1879இல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். வாக்கியங்களிலும் கோர்ட்டு வாசனை!

நீண்ட வாக்கியத்தில் திணறினால் கடைசிக்குப் போய் வினைமுற்றைப் பிடிப்பேன். நானே இட்டுக்கட்டிய உதாரணம் இது: “நான் ஊர் சேர்ந்தவுடனே, தகப்பனார் வியாதியாயிருக்கிறாரென்று கேள்விப்பட்டு, வைத்தியருக்கு ஆளனுப்பி, அவர் வராமையால் நானே புறப்பட்டுப் போனேன்.” முற்று ‘போனேன்’, ஆள் ‘நான்’. ‘கேள்விப்பட்டு’, ‘அனுப்பி’ போன்ற எச்சங்களுக்குப் பெரும்பாலும் அதே ஆள்தான் எழுவாய். ‘வராமையால்’ போன்ற இடத்தில்தான் ஆள் மாறலாம். அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, வராதவர் யார் என்று ஓரத்தில் எழுதிவிடுவேன். ‘என்று’ வந்தால் அதற்கு முன்னால் இருப்பது இன்னொருவர் பேச்சா, நினைப்பா என்றும் பார்க்க வேண்டும்.

பக்கத்தை முடித்ததும் யார் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுத வராவிட்டால், கண் மட்டும்தான் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். திரும்பப் படிக்க வேண்டியதுதான். அகராதியை உடனே எடுப்பதில்லை. பல வடசொற்கள் அடுத்த வரியிலேயே விளங்கிவிடும், மறுபடி மறுபடி வந்து மறிக்கும் சொல்லுக்கு மட்டும் பார்ப்பேன்.

நீதி போதனைப் பக்கங்களில் இத்தனை பாடு வேண்டாம் என்பது என் கட்சி. கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாளும் பகுதிக்குத்தான் நிதானம் தேவை.