கொசுவத்தில் இருக்கிறது இழுவை

ஜனவரி மாதக் காலை. கோத்தகிரியில் பேருந்தை விட்டு இறங்கியபோது என் தலையில் நானே குரோஷா ஊசியால் பின்னிய உல்லன் குல்லா இருந்தது. பின்னி முடித்த அன்று அளவெடுத்ததுபோல் பொருந்திய குல்லா அது. ஒரு மாதத்துக்குள் தளர்ந்து, குனிந்தால் புருவத்துக்கு மேல் வந்து விழத் தொடங்கியிருந்தது. மேட்டுத் தெருவில் ஒரு வீட்டின் முன்னறையில் ஆறு பெண்கள் சேர்ந்து குல்லாவும் கையுறையும் பின்னுகிறார்கள் என்று தோழி சொல்லியிருந்தாள். பல வருடங்களாக மேசை விரிப்பும் கதவுத் தோரணமும் பின்னிவரும் எனக்கு, விளிம்பு ஏன் நிற்க மறுக்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. அதைக் கேட்கத்தான் போனேன்.

அவர்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றே அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவர் என் குல்லாவை வாங்கி, விளிம்பை இரண்டு கட்டைவிரல்களாலும் பிடித்து இழுத்து விட்டார். இழுத்த இடம் அப்படியே நின்றது.

"நூல் நல்ல நூல்தான். இது பலகை மாதிரி பின்னியிருக்கு. பலகைய இழுத்தா வராது, வந்தா திரும்பிப் போகாது" என்றார்.

பக்கத்தில் இருந்த இளம்பெண் முன்பு திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். "அக்கா சொல்றது ரிப்புங்க. டி-ஷர்ட் கழுத்துல வைப்போமே, அது" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. பனியன் துணியில் நூல் வளையங்கள் திறந்தே இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று தொங்கும். இழுத்தால் வளையம் அகலும், விட்டால் சுருங்கும். குரோஷாவில் ஒவ்வொரு கண்ணியும் முடிச்சுப்போலப் பூட்டிக்கொள்கிறது. அகல்வதற்கு அதற்கு இடமில்லை. அதனால் இழுவை வேண்டுமென்றால் துணியையே மடித்துவைக்க வேண்டும். புடவைக் கொசுவம்போல. நடக்கும்போது கொசுவம் விரிகிறது, நின்றால் கூடிக்கொள்கிறது. புடவையின் நூல் ஓர் அங்குலம்கூட நீள்வதில்லை.

அந்தக் கொசுவத்தைப் பின்னலுக்குள்ளேயே வைக்க இந்த வீட்டில் இரண்டு வழிகள் புழங்குகின்றன. ஒன்று பேக் லூப், மற்றது போஸ்ட். அதற்கு முன் ஒரே கண்ணிக்கு அங்கே புழங்கும் இரண்டு பெயர்களைச் சொல்லிவிட வேண்டும். அக்கா கான்வென்டில் ஒரு சிஸ்டரிடம் கற்றவர். இளம்பெண் செல்போன் வீடியோ பார்த்துக் கற்றவர். அக்கா "டபுள்" என்றால் அது பிரிட்டிஷ் கணக்கு. அதே கண்ணியை அமெரிக்கக் கணக்கில் இளம்பெண் "சிங்கிள்" என்பார். இந்தக் குழப்பத்தில் ஒருமுறை குல்லாக்கள் அளவு மாறிப்போனதிலிருந்து, குட்டை, நெட்டை என்று உயரத்தைச் சொல்லியே பேசிக்கொள்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அக்கா ஊசியை எடுத்து பேக் லூப் காட்டினார். ஒரு வரிசை பின்னி முடித்தால் மேலே ஜடைபோல ஒரு கோடு தெரியும். ஒவ்வொரு கண்ணிக்கும் அதில் இரண்டு இழைகள். வழக்கமாக ஊசி இரண்டுக்கும் அடியில் நுழையும். பேக் லூப்பில், நமக்கு அப்பால் இருக்கும் பின் இழையில் மட்டும் நுழைய வேண்டும். விடுபட்ட முன் இழை துணியின் மேல் ஒரு கோடாகக் கிடக்கும். வரிசை முடிந்து துணியைத் திருப்பியதும் அடுத்த கோடு மறுபக்கம் விழும். இப்படி முன்னும் பின்னும் மாறி மாறி விழுவதால் துணி ஆர்மோனியத் துருத்திபோல மடிந்து நிற்கிறது. இரண்டு வரிசைக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம்.

நான் சறுக்கியது திசையில் என்பது இங்கேதான் புரிந்தது. துருத்தி, வரிசைகள் அடுக்கப்படும் திசையில்தான் விரியும். தலையைச் சுற்றி இழுவை வேண்டும் என்றால் வரிசைகள் தலையைச் சுற்றி அடுக்கப்பட வேண்டும். அதாவது பட்டையைப் படுக்கவைத்துப் பின்ன வேண்டும். பட்டையின் உயரம்தான் ஒரு வரிசையின் நீளம். தலையின் சுற்றளவு வரிசைகளின் எண்ணிக்கையிலிருந்து வருகிறது. நான் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தேன். அந்த முறையில் பின் இழையில் பின்னியிருந்தாலும் மடிப்பு குறுக்கே விழுந்து, தலைக்கு ஒரு பயனும் தந்திருக்காது.

என் தலைக்கே ஒரு பட்டை போட்டுக் காட்டச் சொன்னேன். அக்கா அளவுநாடாவைச் சுற்றினார்: 56 செ.மீ. "பட்டை 50 போதும்" என்றார். தலையைவிட ஆறு சென்டிமீட்டர் குறைவாக இருந்தால்தான் மடிப்பு எப்போதும் கொஞ்சம் விரிந்தபடி தலையைப் பிடிக்கும். சரியாக 56 வைத்தால் மடிப்புக்கு வேலையே இருக்காது. 4 மி.மீ. ஊசி, நடுத்தரப் பருமன் உல்லன். அவர் கையில் பத்து சென்டிமீட்டருக்கு 16 வரிசை வருகிறது. ஆகவே 50 செ.மீ.க்கு 80 வரிசை. பட்டை உயரம் ஏழு சென்டிமீட்டர். அதற்கு 11 குட்டைக் கண்ணி. தொடக்கத்தில் 12 செயின், ஒன்று திரும்புவதற்கு. எண்பது வரிசை முடிந்ததும் முதல் விளிம்பையும் கடைசி விளிம்பையும் தளர்வாகச் சேர்த்தால் வளையம். வரிசை எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் சேர்ந்த இடத்திலும் மேடு பள்ளம் முறை தவறாமல் தொடரும்.

பிறகு அந்த வளையத்தின் ஓரத்தில், ஒரு வரிசை முனைக்கு ஒரு கண்ணியாக 80 குட்டைக் கண்ணி எடுத்து, அதன் மேல் குல்லாவின் உடலை நெட்டைக் கண்ணியில் ஏற்றுகிறார்கள். நெட்டைக் கண்ணி அவர் கையில் பத்து சென்டிமீட்டருக்கு 14. எண்பது கண்ணி ஏறக்குறைய 57 செ.மீ. ஆகிவிடும். அதாவது பட்டை 50-இல் பிடிக்கிறது, உடல் 57-இல் தளர்ந்து உட்காருகிறது. கண்ணியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தக் கணக்கின் அழகை நான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழுது எங்கே வரும் என்று கேட்டேன். இளம்பெண் தன் முதல் பட்டையை எடுத்து வந்தார். ஒரு முனையில் 11 கண்ணி, மறுமுனையில் 8. வரிசையின் கடைசிக் கண்ணி பின் இழையில் சாய்ந்து ஒளிந்துகொள்ளும்; கண் தப்பினால் ஒரு கண்ணி போய்விடும். ஓரம் படிக்கட்டுப்போல உள்வாங்குவதுதான் அடையாளம். இப்போது ஒவ்வொரு வரிசையின் முதல் கண்ணியிலும் ஓர் ஊக்கு மாட்டுகிறார். திரும்பி வரும்போது ஊக்கு மாட்டிய கண்ணிதான் கடைசி. இன்னொரு பழுது ஓரத்தில் கண்ணி எடுக்கும்போது வருவது. எண்பதுக்கு அறுபது எடுத்தால் பட்டைக்கு மேலே கயிறு கட்டியதுபோல இறுகிவிடும். பட்டை நீள நினைத்தாலும் அந்தக் கயிறு விடாது. நூறு எடுத்தால் பட்டையின் மேல்விளிம்பு பாவாடைபோல விரியும்.

மணிக்கட்டுப் பட்டையில் இதெல்லாம் இன்னும் கறாராகத் தெரிகிறது. மணிக்கட்டு 16 செ.மீ. என்றால் கையுறை நுழையும்போது தாண்ட வேண்டிய விரல் முட்டிகள் 20 செ.மீ. இருக்கும். பட்டை 24 வரிசை, 15 செ.மீ. அக்கா அதை அளவுகோலின் மேல் வைத்து 21 வரை இழுத்து விட்டார். பதினைந்தரையில் வந்து நின்றது. "இது வரலைன்னா கையே உள்ள போகாது. குல்லா தலையில சும்மா உக்காந்திருக்கும், கையுறை தினம் போட்டுக் கழட்டணும்" என்றார். அதனால் கைக்கு எப்போதும் பேக் லூப்தான்.

போஸ்ட் வேறு வழியில் மடிக்கிறது. குல்லாவை உச்சியிலிருந்து கீழே பின்னி வந்து, கடைசியில் நெட்டைக் கண்ணியால் ஒரு சுற்று. அடுத்த சுற்றில் ஊசி மேல் ஜடையைத் தொடவே தொடாது. கீழ்ச்சுற்றுக் கண்ணியின் தண்டைச் சுற்றிப் போகும். முன்பக்கம் நுழைந்து, தண்டுக்குப் பின்னால் சென்று, முன்னே வந்தால் தண்டு நம்மை நோக்கிப் புடைக்கும். பின்பக்கமிருந்து நுழைந்து தண்டுக்கு முன்னால் சென்று திரும்பினால் அது உள்வாங்கும். ஒன்று முன், ஒன்று பின் என்று 80 கண்ணி. அடுத்த சுற்றில் புடைத்ததன் மேல் புடைப்பு, உள்வாங்கியதன் மேல் உள்வாங்கல். புடைத்த தூண்கள் ஒன்றையொன்று நெருங்கி, உள்வாங்கியவற்றை மறைத்துக்கொள்கின்றன. இழுத்தால் மறைந்தவை வெளியே தெரிகின்றன. இதில் மடிப்பு நிமிர்ந்தே நிற்கிறது. பட்டையைப் படுக்கவைக்க வேண்டியதில்லை, தையலும் இல்லை.

வட்டமாகப் பின்னாமல் திருப்பித் திருப்பிப் பின்னும்போது இதில் ஒரு சிக்கல் உண்டு. துணியைத் திருப்பியதும் புடைத்தது பள்ளமாகவும் பள்ளம் புடைப்பாகவும் தெரியும். போன வரிசையில் என்ன செய்தோம் என்று நினைவில் தேடக் கூடாது. இப்போது கண்முன் எது புடைத்திருக்கிறதோ அதற்கு முன்பக்கம் நுழைய வேண்டும். தவறினால் தூண் பாதியில் அறுந்து கட்டம் கட்டமாகிவிடும்.

எது நல்லது என்று கேட்டபோது அக்கா இரண்டையும் என் கையில் வைத்தார். போஸ்ட் பட்டை தடிமன். காதில் குளிர் ஏறாது. கண்ணிக்குக் கண்ணி நூலும் அதிகம் தின்னும். இழுவை குறைவு, அதனால் விளிம்புக்கு அரை மி.மீ. சின்ன ஊசிக்கு மாறுகிறார்கள். பேக் லூப் மெல்லியது, நன்றாக நீளும், ஆனால் நேரம் பிடிக்கும். நான் கணக்குப் போட்டேன். பேக் லூப் பட்டைக்கு 80 வரிசை, வரிசைக்கு 11. மொத்தம் 880 கண்ணி. போஸ்ட் பட்டைக்கு, சுற்று ஒன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம், ஏழு சுற்றில் 560. நெட்டைக் கண்ணிக்கு ஊசியில் கூடுதலாக ஓர் இழுப்பு உண்டு என்றாலும், முந்நூற்று இருபது கண்ணி வித்தியாசம் கையில் தெரியும்.

இங்கே கூலி குல்லாவுக்கு இவ்வளவு என்று. ஒரே கூலி என்றால் எல்லோரும் போஸ்ட் பக்கம்தான் போவார்கள். அதனால் பேக் லூப் குல்லாவுக்கு அக்கா கூலியைக் கூட்டி வைத்திருக்கிறார். வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் கோடு போட்ட விளிம்புதான். விலையில் ஏன் வித்தியாசம் என்று கேட்பார்கள். அப்போது அவர் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. இரண்டையும் இழுத்து விட்டுக் காட்டுகிறார். அந்த 880 கண்ணிக்கு உரிய காசு பின்னியவர் கைக்குப் போக வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்காமல் இருப்பது எனக்கு மிகவும் சரியாகப் பட்டது.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். அவர்கள் பின்னுவது அக்ரிலிக் உல்லன். இஸ்திரிப் பெட்டி பட்டால் மடிப்பு செத்துவிடும், பிறகு எழாது. பருத்தி நூல் இழுத்தால் நீளும், ஆனால் திரும்ப மனம் வராது. அதில் பட்டையை இன்னும் குறைத்து வைக்க வேண்டும்.

கீழே இறங்கும் பேருந்தில் என் பழைய குல்லாவின் விளிம்பைப் பிரித்தேன். சுருண்டு சுருண்டு வந்த நூலை மடியில் உருண்டையாகச் சுற்றிக்கொண்டு, பன்னிரண்டு செயின் போட்டேன். மேட்டுப்பாளையம் வருவதற்குள் 14 வரிசை. ஏழு மேடு. விரலால் இழுத்து விட்டேன், திரும்பி வந்தது.